“கோலாலம்” என்று தொடங்கி “...லோ” என்று முடியும் மார்கழிப் பாட்டு எது?

பட்டர்வொர்த் சுமதி
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பெரியம்மா பட்டர்வொர்த் பக்கம் ஒரு கோயிலில் பல வருடம் மார்கழி பஜனை நடத்தியவர். இப்போது அவர் இல்லை. அவர் முன்பாட்டு பாடிய ஒரு கேசட் மட்டும் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு பாட்டின் சொற்கள் முழுதாக வேண்டும், இந்த மார்கழியில் நாங்கள் சேர்ந்து பாட நினைக்கிறோம்.

ரெக்கார்டரைப் பின்பாட்டுக்காரர்கள் நடுவில் வைத்திருக்கிறார்கள். அதனால் பெரியம்மாவின் குரல் தூரத்தில் கேட்கிறது, பின்பாட்டு மட்டும் தெளிவு. பெரியம்மா இரண்டு வரி பாடுவார், எல்லாரும் சேர்ந்து இரண்டு வரி பாடுவார்கள். ஒவ்வொரு முறையும் கூட்டம் “சாலலோ” என்கிற மாதிரி முடிக்கும். ஓர் இடத்தில் பெரியம்மா “கோலாலம்” என்று எடுப்பது நன்றாகக் கேட்கிறது. கோலாலம்பூர் கோயில் எதையாவது பற்றிய பாட்டா? யாருக்காவது தெரியுமா?

செந்தூல் குமரன்
மார்கழி, பெண்கள் கூட்டமாகப் பாடுவது, ஒவ்வொரு பாட்டும் ஒரே மாதிரி முடிவது. இது திருவெம்பாவைதான் அக்கா, சந்தேகமே வேண்டாம். எங்கள் கோயிலிலும் விடியற்காலையில் அதைத்தான் பாடுகிறோம்.

பட்டர்வொர்த் சுமதி
திருவெம்பாவை எனக்குத் தெரியும் தம்பி. அதில் “ஏலோர் எம்பாவாய்” வரவேண்டும். இதில் எங்கேயும் எம்பாவாய் இல்லை. கேசட்டின் முதல் பக்கத்தில் திருவெம்பாவை தனியாக இருக்கிறது. இது இரண்டாம் பக்கம்.

உறுமி_ரசிகன்
முன்னால் ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் பதில் சொல்லும் பாட்டு என்றால் எனக்கும் ஒன்று வேண்டும். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு ஏறும்போது எங்களுக்கு முன்னே போன காவடிக் கூட்டம் பாடியது. ஒருவர் “வெற்றிவேல்” என்பார், மற்றவர்கள் “வீரவேல்” என்பார்கள், நடுநடுவே உறுமி. அது எந்தப் பாட்டு?

கிள்ளான் தமிழரசன்
உறுமி தம்பி, அது காவடிக்கு எல்லாரும் போடும் கோஷம். பத்து மலையிலும் அதேதான். அதை மட்டும் வைத்து எந்தப் பாட்டையும் பிடிக்க முடியாது. நடுவில் வந்த அடிகளில் ஒன்றாவது வேண்டும்.

சுமதி அக்காவுக்கு: தலைவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் அதையே திருப்பிச் சொன்னால் அது நாமாவளி. “கோலாலம்” என்று வருவதைப் பார்த்தால் நம் ஊர்க்காரர் ஒருவர் எழுதியதாக இருக்க வேண்டும். பழைய தோட்டத்துப் பஜனைக் குழுக்களில் சொந்தமாகப் பாட்டுக் கட்டுபவர்கள் இருந்தார்கள். அச்சில் வந்திருக்காது. கோலாலம்பூரில் பழைய கோயில்களில் விசாரித்துப் பாருங்கள்.

திருமுறை வகுப்பு, பிரிக்பீல்ட்ஸ்
சுமதி, அவசரப்பட்டு எங்கேயும் விசாரிக்கப் போகவேண்டாம். எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது, ஆனால் இப்போது சொன்னால் உங்கள் காது அதையே கேட்கத் தொடங்கிவிடும். முதலில் கேசட்டை இன்னொரு முறை கேட்டு மூன்று விஷயம் எழுதுங்கள்.

பெரியம்மா பாடும் இரண்டு வரிகளின் கடைசி அசை என்ன? “டீ” என்று தோழியை அழைப்பதுபோல் வருகிறதா?

பின்பாட்டு பெரியம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறதா, அல்லது சில சொற்களை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு எங்காவது போகிறதா? இதுதான் முக்கியம். தமிழரசன் ஐயா சொன்ன நாமாவளியில் கொடுத்தது அப்படியே திரும்பி வரும். நான் நினைக்கும் பாட்டில் வராது.

கடைசியாக, பின்பாட்டில் தெளிவாகக் கேட்கும் ஒரு முழு வரியைக் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். பொருள் வருகிற மாதிரி திருத்த வேண்டாம். திருத்தினால் தடயம் போய்விடும்.

மெட்டைப் பற்றி எதுவும் எழுதவேண்டாம். திருவாசகத்தை ஓதுவார்கள் வழக்கமாக மோகனத்தில்தான் பாடுவார்கள், அதைக் கேட்டுப் பழகிய குழுக்களும் அப்படியே. ராகத்தை வைத்து ஒரு பகுதியை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியாது.

பட்டர்வொர்த் சுமதி
நேற்று இரவு நானும் தங்கையும் ஹெட்போன் போட்டுக் கேட்டோம்.

பெரியம்மாவின் முடிவில் “டீ” நிச்சயமாக இருக்கிறது. ஒரு பாட்டில் “காணேடீ”, கோலாலம் பாட்டில் “என்னேடீ” என்று கேட்கிறது.

இரண்டாவது கேள்விக்கு: திருப்பிச் சொல்கிற மாதிரிதான் முதலில் பட்டது. ஒரு பாட்டில் பெரியம்மா “தாயுமிலி தந்தையிலி தான் தனியன்” என்கிறார், கூட்டமும் “தாயுமிலி தந்தையிலி தான் தனியன்” என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அதற்குப் பிறகு வேறு சொற்கள்.

காதில் விழுந்த வரி: “காயில் உலகம் நெத்தும் கல் பொடி கான் சாலலோ.” அதே பாட்டில் பெரியம்மா “கோயில்” என்று எடுக்கிறார், அடுத்த சொல் பிடிபடவில்லை.

திருமுறை வகுப்பு, பிரிக்பீல்ட்ஸ்
போதும் சுமதி, கிடைத்துவிட்டது. இது மாணிக்கவாசகரின் திருச்சாழல். திருவாசகத்தில் திருவெம்பாவைக்குச் சில பகுதிகள் தள்ளி, பன்னிரண்டாவதாக வருகிறது. மொத்தம் 20 பாட்டு. நீங்கள் எழுதிய பாட்டு மூன்றாவது:

கோயில் சுடுகாடு கொல்புலித்தோல் நல்லாடை
தாயுமிலி தந்தையிலி தான்தனியன் காணேடீ
தாயுமிலி தந்தையிலி தான்தனியன் ஆயிடினும்
காயில் உலகனைத்தும் கற்பொடிகாண் சாழலோ

பெரியம்மா “கோயில்” என்றதும் அடுத்த சொல் பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில் “சுடுகாடு” என்ற சொல்லை யாரும் எதிர்பார்க்கமாட்டோம். இப்போது மறுபடி கேளுங்கள், விழும்.

பாட்டு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பெண் சிவனைக் குறைசொல்லிக் கேட்கிறாள்: அவன் இருப்பிடம் சுடுகாடு, உடுப்பது புலித்தோல், தாய் இல்லை, தந்தை இல்லை, தனி ஆள், பார்த்தாயா தோழி என்று. இன்னொருத்தி அந்தக் குறையை மறுக்கவில்லை. அதே சொற்களை வாங்கி, “ஆயிடினும்” என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறாள். அப்படியே இருந்தாலும், அவன் சினந்தால் உலகம் எல்லாம் கல்பொடியாகிவிடும் என்று முடிக்கிறாள். அந்த “ஆயிடினும்” வரும் இடத்தில்தான் பின்பாட்டு பெரியம்மாவை விட்டுப் பிரிகிறது. கேசட்டில் குரல்கள் மங்கலாக இருந்தாலும் இந்தத் திருப்பம் கேட்கும். நாமாவளியில் இப்படி ஒரு திருப்பம் வர வழியே இல்லை.

இனி “கோலாலம்”. அது எட்டாவது பாட்டு:

கோலால மாகிக் குரைகடல்வாய் அன்றெழுந்த
ஆலாலம் உண்டான் அவன்சதுர்தான் என்னேடீ
ஆலாலம் உண்டிலனேல் அன்றயன்மால் உள்ளிட்ட
மேலாய தேவரெல்லாம் வீடுவர்காண் சாழலோ

பாற்கடலில் ஆரவாரத்தோடு பொங்கி எழுந்த நஞ்சைச் சொல்வது அது. நம் தலைநகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நஞ்சை உண்டானே, அது என்ன சாமர்த்தியம் என்று ஒருத்தி கேட்கிறாள். அவன் உண்ணாதிருந்தால் அயனும் மாலும் மற்றத் தேவர்களும் அன்றே அழிந்திருப்பார்கள் என்று மற்றவள் சொல்கிறாள்.

நான் சொல்வது சரிதானா என்று நீங்களே சோதிக்கலாம். கோலாலம் பாட்டுக்கு அடுத்து, வரிசை மாறாமல் பாடியிருந்தால், பெரியம்மா “தென்பால்” என்று எடுக்க வேண்டும், பின்பாட்டு “பெண்பால்” என்று தொடங்க வேண்டும். கேட்டுச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் சுமதி
அக்கா, அப்படியேதான் இருக்கிறது! தங்கை அந்த இடத்தில் “தேன் பால்” என்று எழுதி, அபிஷேகப் பாட்டு என்று பக்கத்தில் குறித்து வைத்திருந்தாள். பின்பாட்டு “பெண்பால்” என்று தொடங்குவது துல்லியமாகக் கேட்கிறது. பெரியம்மா திருவாசகம் பாடியிருக்கிறார் என்பதே எங்களுக்குப் பெரிய செய்தி.

ஒரு கேள்வி. இணையத்தில் “சாலலோ” என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. அந்த உலகம் வரியையும் போட்டுப் பார்த்தேன். ஏன் கிடைக்கவில்லை?

திருமுறை வகுப்பு, பிரிக்பீல்ட்ஸ்
இரண்டு காரணம். கூட்டமாகப் பாடும்போது ழகரம் லகரமாகவோ ளகரமாகவோ கரைந்துவிடும், அதனால் கடைசிச் சொல்லை ல, ள, ழ மூன்றும் போட்டுத் தேட வேண்டும். அடுத்தது, பழைய நூல்களைச் சீர் பிரித்து ஏற்றியிருப்பார்கள். நீங்கள் “காயில் உலகனைத்தும்” என்று போட்டால், அங்கே “காயி லுலகனைத்துங்” என்று சொல் உடைந்து அடுத்ததோடு சேர்ந்து, கடைசியும் அடுத்த சொல்லுக்கு ஏற்ப மாறி இருக்கும். முழு வரியைத் தேடினால் தவறிப்போகும். சீருக்குள் உடையாத சின்னத் துண்டு ஒன்றைப் போடுங்கள். இதில் “கற்பொடி” போதும். வேறு பாட்டுகளில் அதிகம் வராத சொல், நேராகக் கொண்டுபோய் விடும்.

வைதேகி, ஜார்ஜ்டவுன்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் திவ்யப் பிரபந்தம் சேவிப்பார்கள். அதிலும் “காணேடீ” உண்டு, சாழலும் உண்டு. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில், பதினோராம் பத்தில் ஐந்தாவது. இராமன் காட்டுக்குப் போனதைச் சொல்லி ஒருத்தி குறைசொல்ல, அப்படிக் காடு நடந்த பாதங்கள் தேவர்கள் தலையில் சூடும் மலர் என்று மற்றவள் பதில் சொல்வாள். அங்கேயும் கேள்வியின் சொற்களையே பதில் வாங்கிக்கொள்ளும். ஆகவே காணேடீயையும் சாழலையும் மட்டும் கேட்டு மாணிக்கவாசகர் என்று முடிவு கட்டக்கூடாது அல்லவா?

திருமுறை வகுப்பு, பிரிக்பீல்ட்ஸ்
நல்ல இடத்தில் வந்தீர்கள் வைதேகி. கேள்வி-பதில் அமைப்பு இரண்டுக்கும் ஒன்று. ஒரே வகை விளையாட்டுப் பாட்டை இருவரும் எடுத்துத் தங்கள் தங்கள் தெய்வத்துக்குப் பாடியிருக்கிறார்கள். காதால் பிரிப்பதற்குக் கடைசி உயிர்தான் முதல் அடையாளம். ஆழ்வார் பாசுரம் “சாழலே” என்று ஏகாரத்தில் முடியும், திருவாசகம் “சாழலோ” என்று ஓகாரத்தில் முடியும். கடைசி அசையைக் கூட்டம் நீட்டித்தான் பாடும், அதனால் மோசமான பதிவிலும் இது பெரும்பாலும் பிடிபடும்.

டேப் இழுத்து, உயிரும் தெளிவில்லாமல் போனால், கேள்வியில் என்ன குறை சொல்லப்படுகிறது என்று பாருங்கள். சுடுகாடு, வெண்ணீறு, பாம்பு, நஞ்சு என்றால் இங்கே. இராமன் காட்டுக்குப் போனது, ஆய்ப்பாடியில் நந்தன் வீட்டில் வளர்ந்தது என்றால் அங்கே. சுமதியின் கேசட்டில் தாயும் தந்தையும் இல்லாதவன் என்று குறை. தசரதன் மகனைப் பற்றி யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

கிள்ளான் தமிழரசன்
நாமாவளி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் அடையாளம் இதுதானே: கேள்வியின் கடைசி வரி எதுவோ அதுவே பதிலின் முதல் வரி. எந்தப் பதிவு வந்தாலும் இதை வைத்தே சாழல் என்று சொல்லிவிடலாம்.

திருமுறை வகுப்பு, பிரிக்பீல்ட்ஸ்
பாதி சரி ஐயா. மூன்றாவது பாட்டில் முக்கால் வரி அப்படியே வருகிறது. எட்டிலும் ஒன்பதிலும் வினை எதிர்மறையாகிறது: உண்டான் என்று கேட்டதற்கு உண்டிலனேல், உகந்தான் என்று கேட்டதற்கு உகந்திலனேல். முதல் பாட்டில் பூசுவது, பூண்பது, பேசுவது மூன்றையும் வாங்கி வரிசை மாற்றி அடுக்குகிறாள். இரண்டாவது பாட்டைப் பாருங்கள்:

என்னப்பன் எம்பிரான் எல்லார்க்கும் தானீசன்
துன்னம்பெய் கோவணமாக் கொள்ளுமது என்னேடீ
மன்னுகலை துன்னுபொருள் மறைநான்கே வான்சரடாத்
தன்னையே கோவணமாச் சாத்தினன்காண் சாழலோ

இங்கே பதிலின் முதல் வரி முற்றிலும் புதிது. கேள்வியிலிருந்து கோவணம் மட்டும்தான் வருகிறது, அதுவும் கடைசி வரியில். ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு உங்கள் விதியை வைத்துப் பார்த்தால், இது சாழலே இல்லை என்று தள்ளிவிடுவீர்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று பாட்டாவது கேட்டால்தான் அமைப்பு தெரியும்.

ரமண அன்பர், பெட்டாலிங் ஜெயா
எங்கள் சத்சங்கத்திலும் இப்படி ஒன்று பாடுகிறோம். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், நாங்கள் எல்லாரும் “உந்தீபற” என்று இரண்டு முறை சேர்வோம். பகவான் ரமணர் அருளிய உபதேச உந்தியார். அண்மையில் ஒரு சிவன் கோயிலில் அதே முடிவோடு, அதே மாதிரி பாடக் கேட்டேன். ஆனால் சொற்கள் எதுவும் ஒத்துவரவில்லை. அவர்கள் தவறாகப் பாடுகிறார்களா?

திருமுறை வகுப்பு, பிரிக்பீல்ட்ஸ்
தவறு இல்லை ஐயா, வேறு நூலாக இருக்கும். உந்தீபற என்ற முடிவு சாழலைவிட நிறையப் பேரிடம் போயிருக்கிறது. திருவாசகத்தில் திருவுந்தியார் 20 பாட்டு. சைவ சித்தாந்த சாத்திரம் பதினான்கில் முதலாவதாக உய்யவந்த தேவநாயனாரின் திருவுந்தியார் 45 பாட்டு. பிறகு ரமணரின் 30. மூன்றும் மூன்று மூன்று வரிப் பாட்டு, இரண்டாம் வரி முடிவிலும் மூன்றாம் வரி முடிவிலும் கூட்டம் சேரும். ஆகவே முடிவும் சரி, சேரும் முறையும் சரி, உங்களுக்கு உதவாது. முதல் வரிதான் உதவும். கோயிலில் கேட்டது இப்படித் தொடங்கியதா பாருங்கள்:

வளைந்தது வில்லு விளைந்தது பூசல்
உளைந்தன முப்புரம் உந்தீபற
ஒருங்குடன் வெந்தவா றுந்தீபற

வில், முப்புரம், தக்கன் வேள்வி என்று கதை நடந்தால் மாணிக்கவாசகர். உங்கள் நூல் கன்மம் என்று தொடங்கி, செயலையும் மனத்தையும் ஆராய்ந்துகொண்டு போகும், ஓரிரு பாட்டிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். சித்தாந்த உந்தியாரில் குரு அருள், சிவஞானம் என்று போகும். அதைக் கூட்டமாகப் பாடி நான் கேட்டது குறைவு.

ரமண அன்பர், பெட்டாலிங் ஜெயா
முப்புரம் வந்தது நினைவிருக்கிறது. நன்றி அம்மா.

தேவி, ஈப்போ
சாழல் ஏன் கேள்வி பதிலாக இருக்கிறது என்பதற்கு எங்கள் சமய வகுப்பில் ஒரு கதை சொன்னார்கள். இலங்கையிலிருந்து பௌத்தர்கள் தில்லைக்கு வாதம் செய்ய வந்தார்கள். அவர்கள் அரசனுக்குப் பேச்சு வராத ஒரு மகள். மாணிக்கவாசகர் அவளைப் பார்த்து, இவர்கள் கேட்பதற்கு நீ பதில் சொல் என்றதும் அவள் பேசினாள். கேள்விகள் பௌத்தர்களுடையவை, பதில்கள் அந்தப் பெண்ணுடையவை. அப்படியென்றால் முன்பாட்டை ஆண் ஒருவர் பாட, பின்பாட்டைப் பெண்கள் பாடுவதுதானே முறை?

செந்தூல் குமரன்
கதை திருவாதவூரடிகள் புராணத்தில் இருக்கிறது அக்கா, சரிதான். ஆனால் பாட்டில் கேட்பவரும் பெண்தான். இன்னொரு பெண்ணை “ஏடீ” என்று அழைக்கிறார். வாதத்துக்கு வந்த துறவி ஒருவர் அப்படிப் பேசுவாரா? பெரியம்மா பாடியபடி இருபக்கமும் பெண்கள் பாடுவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தேவி, ஈப்போ
அதே கதையை வைத்து எங்கள் கோயிலில் ஆண்கள் கேட்க, பெண்கள் பதில் சொல்லிப் பாடுகிறோம். கேட்கவும் நன்றாக இருக்கும். நான் அதை விடமாட்டேன்.

பட்டர்வொர்த் சுமதி
கேசட்டில் இருப்பதை எல்லாம் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டோம். முதல் மூன்று பாட்டு, அப்புறம் எட்டும் ஒன்பதும். நடுவில் உள்ளவை இல்லை. டேப்பை நிறுத்தி மறுபடி போட்ட சத்தம் கேட்கிறது, அதனால் பெரியம்மா பாடாமல் விட்டாரா, பதிவாகவில்லையா என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, சாழலோ முடிந்ததும், எல்லாரும் கைதட்டிக்கொண்டு “தில்லையம்பலவா எங்கள் சிவனே” என்று இரண்டு முறை பாடுகிறார்கள். இது எங்கிருந்து வந்தது?

திருமுறை வகுப்பு, பிரிக்பீல்ட்ஸ்
அது திருச்சாழலில் இல்லை. முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்கி அடுத்த பாட்டை எடுக்கப் பஜனைக் குழுக்கள் இப்படி ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வது உண்டு, தாளமும் விட்டுப்போகாது. உங்கள் பெரியம்மா சேர்த்ததா, அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சேர்த்ததா என்று பாட்டை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் குழுவில் பாடிய யாராவது இருந்தால் அவர்களைத்தான் கேட்க வேண்டும். அச்சிட்டுக் கொடுக்கும்போது மட்டும் அந்த வரியைப் பாட்டுக்குள் சேர்க்காமல் தனியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது அதையும் மாணிக்கவாசகர் வாக்கு என்று எடுத்துக்கொள்வார்கள்.

கிள்ளான் தமிழரசன்
அந்த வரியை எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் சின்ன வயதில் கேட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் வேறு பாட்டோடு. என் அக்காவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

உறுமி_ரசிகன்
என் பாட்டில் நடுவில் வந்த அடி ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. புது இழையாகப் போடுகிறேன், தமிழரசன் அண்ணே, அங்கே வாருங்கள்.